கடினமான பகுதிக்குக் கூடுதல் மதிப்பெண் தரவேண்டுமா?

கேள்வி: அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். மின்னோட்டவியல் பாடத்துக்கு 25 மதிப்பெண்ணில் அலகுத் தேர்வு வைத்தேன். ஓம் விதியும் வீட்டு மின்சுற்றுமே வினாத்தாளை நிறைத்துவிட்டன. அதிக நாள் நடத்திய மின்தடையாக்கி இணைப்புகளில் ஒரே ஒரு வினாதான் வந்திருந்தது. அடுத்த முறை புளூபிரிண்ட் போட்ட பிறகே வினாத்தாள் எழுத வேண்டும் என்கிறார் தலைமையாசிரியர். நடத்திய நேரத்தை வைத்து மதிப்பெண்ணைப் பிரிப்பதா, பகுதியின் கடினத்தை வைத்துப் பிரிப்பதா? இரண்டையும் சேர்த்தால் கணக்கு உதைக்கிறது.
— ஓர் அறிவியல் ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

ஒரு பகுதிக்கு எத்தனை மதிப்பெண் என்பதை நேரம் மட்டுமே முடிவு செய்யட்டும். அந்த மதிப்பெண்ணுக்குள் எளிய வினா எவ்வளவு, கடின வினா எவ்வளவு என்பதைக் கடினம் முடிவு செய்யட்டும். இரண்டையும் ஒரே இடத்தில் பெருக்கினால் கணக்கு உதைக்கத்தான் செய்யும். மின்தடையாக்கி இணைப்பு கடினமாக இருந்ததால்தானே அதற்கு அதிக நாள் எடுத்துக்கொண்டீர்கள்? அப்படியானால் அதன் கடினம் ஏற்கெனவே நேரத்துக்குள் புகுந்துவிட்டது. கடினம் என்று சொல்லி மீண்டும் மதிப்பெண்ணைக் கூட்டுவது, ஒரே சரக்கை இருமுறை எடை போடுவதற்கு ஒப்பாகும்.

உங்கள் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். அது பன்னிரண்டு பாடவேளைகளில் முடிந்ததாக வைத்துக்கொள்கிறேன்: மின்னோட்டமும் மின்னழுத்த வேறுபாடும் 2, ஓம் விதி, மின்தடை, மின்தடை எண் ஆகியவை 3, தொடரிணைப்பும் பக்க இணைப்பும் 4, வெப்ப விளைவும் மின்திறனும் 2, வீட்டு மின்சுற்று 1. இந்த எண்களை ஆண்டுத் தொடக்கத்தில் எழுதிய பாடத்திட்டத்திலிருந்து எடுக்காமல், பாடக்குறிப்பேட்டைப் புரட்டி உண்மையில் நடந்ததை எண்ண வேண்டும். எண்ணும்போது, குறிப்பேடு திருத்திய வேளையையும், விளையாட்டு விழா ஒத்திகைக்காகப் பாதி வகுப்பு காலியாக இருந்த வேளையையும் கழித்துவிடுங்கள். வகுப்பிலேயே கணக்குப் போட்டுப் பழகிய வேளையைக் கழிக்கக் கூடாது. அதுவும் கற்பித்த நேரம்தான்.

25-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் ஒரு பாடவேளைக்கு ஏறக்குறைய 2.08 மதிப்பெண் வருகிறது. இரண்டு வேளைப் பகுதிக்கு 4.17, மூன்று வேளைக்கு 6.25, நான்கு வேளைக்கு 8.33, ஒரு வேளைக்கு 2.08. பின்னங்களை விட்டுவிட்டுக் கூட்டினால் 24 ஆகிறது. மிஞ்சும் ஒரு மதிப்பெண்ணை, பின்னம் பெரிதாக இருக்கும் வரிசைக்கு, அதாவது இணைப்புகளுக்குக் கொடுத்தால் 4, 6, 9, 4, 2 என்று அமைகிறது. சென்ற தேர்வில் நீங்கள் ஒரே வினாவோடு கடந்துபோன பகுதி, நியாயமாகப் பார்த்தால் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கூடுதலாகப் பெற்றிருக்க வேண்டும். வீட்டு மின்சுற்று இரண்டு மதிப்பெண்ணோடு நின்றிருக்க வேண்டும். அந்தப் பகுதியில் வினா எழுதுவதும் எளிது, திருத்துவதும் எளிது; அதனாலேயே அது நம் கையை மீறி வளர்ந்துவிடுகிறது. நானும் தொடக்கத்தில் மின்னுருகு இழையைப் பற்றியே மூன்று வினா கேட்டு வைத்தவன்தான்.

இனி கடினத்துக்கு வருகிறேன். பலர் சறுக்கும் இடம் இது. பி.எட். அட்டவணையில் அறிதல், புரிதல், பயன்படுத்துதல் என்று தலைப்புகள் இருக்கும். அவை மாணவர் எந்த வகையில் சிந்திக்க வேண்டும் என்பதைச் சொல்கின்றனவே தவிர, வினா கடினமா எளிதா என்பதைச் சொல்வதில்லை. மின்தடை எண்ணின் அலகு ஓம் மீட்டர் என்பது வெறும் அறிதல்தான். ஆனாலும் அதை ஓம் என்றே எழுதிவிடும் பிள்ளைகள் நிறைய உண்டு. 12 கூலூம் மின்னூட்டம் 4 விநாடியில் கடந்தால் மின்னோட்டம் எவ்வளவு என்பது பயன்படுத்துதல்; ஆனாலும் ஏறத்தாழ எல்லாரும் 3 ஆம்பியர் என்று எழுதிவிடுவார்கள். ஆகவே எளிது, நடுத்தரம், கடினம் என்பதைத் தனி நிரலாக வைத்துக்கொள்ளுங்கள். 30, 50, 20 விழுக்காடு என்று பிரிப்பது பள்ளித் தேர்வுக்குப் பொருத்தமாக இருக்கும். 25 மதிப்பெண்ணில் அது 8, 12, 5 என்று வரும்.

அந்த ஐந்து கடின மதிப்பெண்ணையும் இணைப்புப் பகுதியிலேயே கொட்டிவிடாதீர்கள். அப்படிச் செய்தால், அங்கே விழுந்த மாணவருக்கு இணைப்பு தெரியவில்லையா, அல்லது கடின வினா எதையுமே தொட முடியவில்லையா என்று விடைத்தாளைப் பார்த்து உங்களால் சொல்ல முடியாது. எளிய பகுதியிலும் கடின வினா உண்டு. மின்கலத்திலிருந்து கிளம்பிய மின்னோட்டம் ஒரு விளக்கைக் கடந்த பின் குறையுமா, கூடுமா, அதே அளவா, சுழியா என்று கேட்டுப் பாருங்கள். விளக்கு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது என்ற எண்ணம் பிள்ளைகளிடம் வேரோடியிருக்கிறது. முதல் பகுதியின் கடின வினாவாக அந்த ஒரு மதிப்பெண் வினாவே போதும்.

வினா வகையை ஒரு மதிப்பெண்ணில் ஐந்து, இரண்டு மதிப்பெண்ணில் நான்கு, நான்கு மதிப்பெண்ணில் மூன்று என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு வினாவில் 25 முடிகிறது. அதை அட்டவணையில் நிரப்பினால் இப்படி வரும்:

| பகுதி | பாடவேளை | மதிப்பெண் | எளிது | நடுத்தரம் | கடினம் |
|---|---|---|---|---|---|
| மின்னோட்டம், மின்னழுத்தம் | 2 | 4 | 3 | – | 1 |
| ஓம் விதி, மின்தடை | 3 | 6 | 2 | 2 | 2 |
| இணைப்புகள் | 4 | 9 | 1 | 6 | 2 |
| வெப்ப விளைவு, மின்திறன் | 2 | 4 | – | 4 | – |
| வீட்டு மின்சுற்று | 1 | 2 | 2 | – | – |

முதல் வரிசையில் இரண்டு ஒரு மதிப்பெண் வினாக்களும் ஓர் இரு மதிப்பெண் வினாவும் அடங்கும். இரண்டாவதில், ஓம் விதியைக் கூறுக என்பது இரண்டு மதிப்பெண். நான்கு மதிப்பெண் வினாவை (அ), (ஆ) என்று பிளந்து, முதலில் சாதாரணக் கணக்கு ஒன்றும், அடுத்து ஒரு கம்பியை இருமடங்கு நீளத்துக்கு இழுத்தால் மின்தடை என்னவாகும் என்பதும் கேட்கலாம். நீளம் இரட்டிப்பதை மட்டும் பார்த்தவர் இருமடங்கு என்பார். குறுக்குப் பரப்பும் பாதியாகும் என்று கண்டவர் நான்கு மடங்கு என்பார். ஒரே வினாவுக்குள் நடுத்தரமும் கடினமும் இப்படி அருகருகே அமையும்.

இணைப்புகளில் ஓர் ஒரு மதிப்பெண் வினா, தொடருக்கும் பக்க இணைப்புக்கும் இரண்டிரண்டு மதிப்பெண்ணில் தனித்தனிக் கணக்கு, பிறகு ஒரு நான்கு மதிப்பெண் வினா. அந்த நான்குக்கு, 6 ஓம், 3 ஓம் இரண்டும் பக்க இணைப்பில் இருக்க, அவற்றோடு 2 ஓம் தொடரில் சேர்ந்து, 12 வோல்ட்டில் இணைந்த சுற்றைக் கொடுக்கலாம். மொத்த மின்தடை 4 ஓம், மின்னோட்டம் 3 ஆம்பியர் என்பது நடுத்தரமான இரண்டு மதிப்பெண். 3 ஓம் வழியே மட்டும் பாயும் மின்னோட்டம் எவ்வளவு என்பது கடினமான இரண்டு: தொடரில் உள்ள 2 ஓமில் 6 வோல்ட் போக, பக்க இணைப்புக்கு 6 வோல்ட் மிஞ்சும், ஆகவே 2 ஆம்பியர். (அ)-வில் தவறியவர் அந்தத் தவறான விடையை வைத்தே (ஆ)-வைச் சரியான முறையில் செய்திருந்தால் முறைக்குரிய மதிப்பெண் கொடுத்துவிட வேண்டும்; இல்லையென்றால் ஒரு பிழைக்கு இரு தண்டனை ஆகிவிடும். பக்க இணைப்புக்கான சிறு கணக்கில் இதே 6, 3 எண்களைப் போடாதீர்கள். அங்கே கிடைத்த விடையை இங்கே எடுத்து எழுதிவிடுவார்கள். 4 ஓம், 12 ஓம் என்று கொடுத்தால் விடை 3 ஓம் என்று முழு எண்ணாகவே வரும்.

மின்திறன் பகுதியின் நான்கு மதிப்பெண்ணும் ஒரே வினாவில் இருப்பது சற்று ஆபத்துதான். ஆகவே அதையும் பிளந்துவிடுங்கள். 230 வோல்ட்டில் இயங்கும் 1150 வாட் சலவைப் பெட்டி எடுக்கும் மின்னோட்டம் 5 ஆம்பியர் என்று கண்டுபிடிக்க இரண்டு மதிப்பெண். நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் 30 நாளில் அது 34.5 யூனிட் எடுக்கும் என்று கணக்கிட இரண்டு. இரண்டாவதற்கு முதல் விடை தேவைப்படாததால் முதல் பாதியில் தவறியவருக்கும் வழி இருக்கிறது. வீட்டு மின்சுற்றுக்கு இரண்டு ஒரு மதிப்பெண் வினாக்கள் போதும்.

நேரத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு நிமிடம், இரண்டுக்கு மூன்று, நான்குக்கு ஏழு என்று வைத்தால் 38 நிமிடம் ஆகிறது. 45 நிமிடப் பாடவேளையில் வாசிக்கவும் சரிபார்க்கவும் ஏழு நிமிடம் மிஞ்சும்.

இவ்வளவும் செய்தபின், ஐந்தில் ஏதேனும் மூன்றுக்கு விடையளி என்று எழுதிவிட்டால் புளூபிரிண்ட் வெறும் காகிதமாகிவிடும். நீங்கள் ஒன்பது மதிப்பெண் ஒதுக்கிய பகுதியை மாணவர் பெருமளவு ஒதுக்கிவிட்டுப் போகலாம்; அவர் எழுதிய தேர்வு வேறு, நீங்கள் திட்டமிட்ட தேர்வு வேறு. தேர்வு செய்யும் வாய்ப்பு கொடுத்தே ஆகவேண்டும் என்றால் "அல்லது" என்று இணைத்து, அதே பகுதியிலிருந்து, அதே கடினத்தில் மாற்று வினா கொடுங்கள். அதுபோலவே, வினாத்தாளை எழுதி முடித்துவிட்டு அதற்கேற்ப அட்டவணையை நிரப்பும் வழக்கமும் பல இடங்களில் இருக்கிறது. அப்படி வந்த அட்டவணை ஒருபோதும் பிசகுவதில்லை என்பதே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எளிது, கடினம் என்று நீங்கள் குறித்தவையெல்லாம் தேர்வுக்கு முன் வெறும் ஊகங்களே. திருத்தும்போது ஒவ்வொரு வினாவுக்கும் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்று வினாத்தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். 40 பேர் வகுப்பில் 28 பேருக்கு மேல் சரியாக எழுதினால் எளிது, 12 பேருக்குக் கீழே போனால் கடினம், இடைப்பட்டது நடுத்தரம் என்று கொள்ளலாம். நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் வினாவில் குருட்டாம்போக்கிலேயே பத்துப் பேருக்குச் சரியாக வரலாம் என்பதால், விளக்கு வினாவில் 13 பேர் சரியென்றால் அதை நடுத்தரம் என்று நம்பிவிட வேண்டாம்.

எளிது என்று குறித்த ஒரே ஒரு வினா மட்டும் படுத்துவிட்டால் முதலில் வினாவின் சொற்களைச் சோதியுங்கள். பெரும்பாலும் வாக்கியம்தான் குழப்பியிருக்கும். இணைப்பு வரிசையில் அந்தக் கடின இரண்டு மதிப்பெண் மட்டுமல்லாமல் நடுத்தரமான ஆறிலும் சராசரி மூன்றை எட்டவில்லை என்றால், வினாத்தாளை மாற்றிப் பயனில்லை. அடுத்த ஆண்டு அந்தப் பகுதிக்கு ஐந்தாவது பாடவேளை ஒன்றை ஒதுக்குங்கள். அப்போது மொத்தம் பதின்மூன்றாகி, அதன் மதிப்பெண் 9.6 என்று தானாகவே பத்தை நெருங்கும்.