மூத்த அதிகாரிக்கு ஜப்பானிய மின்னஞ்சல்: மரியாதையை எங்கே ஏற்றுவது, எங்கே நிறுத்துவது?

ஜப்பானிய அலுவலகக் கடிதங்களை மொழிபெயர்ப்பவர் பதில் சொல்கிறார். ஜப்பானியச் சொற்கள் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. துல்லியமான உச்சரிப்பை இதில் காட்ட முடியாது. சொல்லின் வடிவத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

மேடம், ஆங்கிலத்தில் எழுதின மெயிலை ஜப்பானியத்துக்கு மாற்றணும். பெறுபவர் எங்க கம்பெனியிலேயே டோக்கியோ துறைத் தலைவர். மரியாதை கூடிப்போனா தப்பில்லைதானே?

தப்புதான். ஒரே நிறுவனத்துக்குள் அளவு மீறிய மரியாதை, அவரை வெளியாளாக நிறுத்திவிடும். சில நேரம் கிண்டலாகவும் படும்.

முதலில் தரை மட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வாக்கியமும் தெஸ், மஸ் என்று முடிய வேண்டும். அதற்குக் கீழே ஒரு வாக்கியமும் இறங்கக்கூடாது. அதற்கு மேல் ஏற்றுவது முக்கியமாக இரண்டு இடத்தில்: அவர் செய்யவேண்டிய காரியத்தைக் கேட்கும்போதும், உங்கள் தவறுக்கு மன்னிப்புக் கேட்கும்போதும். மற்ற வரிகளை, அதாவது தேதி, எண், சோதனை முடிவு போன்றவற்றை, தரை மட்டத்திலேயே விடுங்கள். எல்லா வரியையும் ஏற்றினால் கோரிக்கை எது என்றே அவருக்குத் தெரியாமல் போகும்.

‘சரிபார்க்கவும்’ என்ற ஒரு வரியையே எடுத்துக்கொள்வோம். ‘ககுனின் ஷிதெ குதசாய்’ என்றால் இலக்கணப்படி பணிவுதான், ஆனாலும் கட்டளை. ‘கோ-ககுனின் குதசாய்’ என்றால் அவர் செயலுக்கு முன் மரியாதை முன்னொட்டு வந்துவிட்டது. அன்றாட விஷயத்துக்கு, மேலதிகாரியிடம்கூட இது போதும். ‘கோ-ககுனின் இததகெமஸ் தெஷோ கா’ என்றால் கேள்வியாகிவிட்டது, ‘இப்போது முடியாது’ என்று சொல்ல அவருக்கு இடம் இருக்கிறது. எந்தப் படியில் நிற்பது என்பதைப் பதவி மட்டும் தீர்மானிப்பதில்லை. பதவி அடிமட்டத்தைக் கொடுக்கும். நீங்கள் கேட்கும் வேலையின் சுமை அதற்கு மேல் ஏற்றும். 2 நிமிட வேலைக்கு இரண்டாம் படி. 40 பக்க அறிக்கையை நாளைக்குள் பார்க்கச் சொன்னால் மூன்றாம் படி.

ஒரு மெயிலை வரி வரியா மாற்றிக் காட்ட முடியுமா? என் மெயில் இதுதான்: “ஹாய் தனகா-சான், டெஸ்ட் ரிப்போர்ட் இணைச்சிருக்கேன். லேட்டுக்கு ஸாரி. வியாழனுக்குள் பார்த்துட்டு, மாற்றம் வேணும்னா சொல்லுங்க. தேங்க்ஸ்.”

‘ஹாய் தனகா-சான்’ என்பது ‘தனகா புச்சோ’ ஆகும். புச்சோ என்றால் துறைத் தலைவர். அந்தப் பதவிப் பெயரிலேயே மரியாதை அடங்கிவிட்டது, அதனால் பின்னால் ‘சமா’ என்ற மரியாதை ஒட்டைச் சேர்த்தால் இரட்டிப்பாகிவிடும். ஆனால் உங்கள் அலுவலகத்தில் எல்லோரையும் ‘சான்’ போட்டு அழைப்பது வழக்கம் என்றால் அதையே பின்பற்றுங்கள். பழைய மெயில்கள் 2 எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்து, ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வாழ்த்து வரி நுழைய வேண்டும்: ‘ஒத்ஸுகரேசமா தெஸ்’. கூடவே உங்கள் பெயர், அதற்குப் பின்னால் ‘தெஸ்’. இது இல்லாமல் நேரே விஷயத்துக்குப் போனால், கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்த மாதிரி. ‘ஒத்ஸுகரேசமா’வுக்குப் பதில் ‘கோகுரோசமா’ போட்டுவிடாதீர்கள். அது பெரும்பாலும் மேலிருப்பவர் கீழே சொல்வது.

‘இணைச்சிருக்கேன்’ உங்கள் செயல். அதைத் தாழ்த்தி ‘தென்பு இதஷிமஷிதா’ என்று எழுதுங்கள். ‘லேட்டுக்கு ஸாரி’க்கு ‘சுமிமசென்’ பேச்சில் செல்லும், மெயிலில் மெலிந்து தெரியும். ‘மோஷிவகே கொசாய்மசென்’ எழுதுங்கள். ஒரு முறை போதும். தாமதத்துக்கு மூன்று முறை மன்னிப்புக் கேட்டால் அறிக்கையில் வேறு ஏதோ கோளாறு என்று நினைப்பார்.

இப்போது கோரிக்கை. முன்னால் ஒரு மெத்தை வையுங்கள்: ‘ஒ-இசொகஷீ தொகொரோ ஒசொரெ-இரிமஸ் கா’. வேலை மும்முரத்தில் தொந்தரவு செய்வதற்குத் தயங்குகிறேன் என்ற பொருள். பின்னால் ‘மொகுயோபி மதெ நி கோ-ககுனின் இததகெமஸ் தெஷோ கா’. வியாழனுடன் தேதியையும் எண்ணில் போடுங்கள். மரியாதைக்காகத் தேதியை மழுப்புவதுதான் நான் அதிகம் திருத்தும் பிழை. மொழி எவ்வளவு வேண்டுமானாலும் பணியலாம், தேதி பணியக்கூடாது.

‘மாற்றம் வேணும்னா’ என்பதில் ஒரு பொறி இருக்கிறது. மேலிருப்பவரின் விருப்பத்தை நேராகக் கேட்பது ஜப்பானியத்தில் உறுத்தும். ‘மாற்ற விரும்புகிறீர்களா’ என்று எழுதாமல், ‘திருத்தவேண்டிய இடம் இருந்தால்’ என்று பேச்சை அறிக்கையின் பக்கம் திருப்புங்கள்: ‘ஷூசெய் கா ஹித்ஸுயோ நா தென் கா கொசாய்மஷிதரா, ஒ-ஷிரசெ குதசாய்’. ‘தேங்க்ஸ்’ இருந்த இடத்தில் ‘யொரோஷிகு ஒனெகாய் இதஷிமஸ்’, பணிவோடு வேண்டிக்கொள்கிறேன் என்ற பொருள். வேலை நடப்பதற்கு முன்பே நன்றி சொல்லி முடிக்கும் ஆங்கில வழக்கம் இங்கே ஒட்டாது.

எல்லா இடத்திலும் ‘நீங்கள்’ வருதே, அதுக்கு ‘அனதா’தானே?

மேலதிகாரிக்கு ‘அனதா’ எழுதவே கூடாது. தமிழில் ‘நீங்கள்’ தானே மரியாதையைச் சுமக்கிறது, ஜப்பானியத்தில் அந்தச் சுமையை வினைச்சொல் எடுத்துக்கொள்கிறது. எழுவாயை விட்டுவிடுங்கள். விட முடியாத இடத்தில் ‘புச்சோ’ என்றே எழுதுங்கள்.

நான் ரொம்பப் பணிவா ‘ஷிர்யோ ஓ ஹைகென் ஷிதெ குதசாய்’னு எழுதினேன். என் ஜப்பானிய சக ஊழியர் சிரிச்சிட்டார். ஹைகென் உயர்ந்த சொல்தானே?

உயர்ந்த சொல் இல்லை, தாழ்த்தும் சொல். ‘நான் பணிவோடு பார்த்தேன்’ என்பதற்கு ஹைகென் சரி. நீங்கள் எழுதியதன் பொருள், ‘தாங்கள் என்னிடம் பணிந்து பார்த்தருளவும்’ என்பது மாதிரி ஆகிவிட்டது. அவர் பார்ப்பதற்கு ‘கோரன் குதசாய்’.

அகராதியில் ‘பணிவுச் சொல்’ என்று மட்டும் போட்டிருப்பதால் வரும் வினை இது. பணிவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அது சொல்வதில்லை. மெயிலை அனுப்புமுன் ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் ‘நான்’ அல்லது ‘அவர்’ என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். ‘அவர்’ என்று எழுதிய இடத்தில் ஹைகென், இதஷிமஸ், மோஷிமஸ் மாதிரிச் சொற்கள் நின்றால் அங்கே திசை மாறிவிட்டது. ‘காத்திருங்கள்’ என்பதற்கு எழுதும் ‘ஒ-மச்சி ஷிதெ குதசாய்’யும் இதே பிழைதான். நடுவில் இருக்கும் ‘ஷிதெ’யை எடுத்துவிட்டு ‘ஒ-மச்சி குதசாய்’ என்றால் சரியாகிவிடும்.

‘புரிஞ்சது’ங்கிறதுக்கு ‘ரியோகாய்’னு மேலதிகாரிக்கு எழுதவே கூடாதுன்னு பயிற்சி வகுப்பில் சொன்னாங்க. அது இலக்கணப் பிழை, சரிதானே?

பாதி சரி. மேலதிகாரிக்குத் தவிர்ப்பது நல்லது, ஆனால் காரணம் இலக்கணம் இல்லை. ‘ரியோகாய் ஷிமஷிதா’ இலக்கணப்படி பணிவான வாக்கியம்தான். அலுவலக நாகரிகம் சொல்லித்தரும் புத்தகங்கள் அதைக் கீழே வைத்தன. படித்தவர்கள் அப்படியே பார்க்கத் தொடங்கினார்கள். இது நியாயமா என்று ஜப்பானியர்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது. பெறுபவர் எந்தக் கட்சி என்று உங்களுக்குத் தெரியாதபோது ‘ஷோச்சி ஷிமஷிதா’ எழுதினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். வாடிக்கையாளர் என்றால் ‘கஷிகொமரிமஷிதா’.

இதே மெயிலை வாடிக்கையாளருக்கு அனுப்பி, எங்க புச்சோவை சிசி-யில் வைக்கணும். அவர் படிப்பாரே, அவருக்கும் மரியாதை போடணுமா?

போடக்கூடாது. தமிழ் கைக்கு மிகவும் கூசும் இடம் இதுதான். நாம் யாரிடம் பேசினாலும் ‘எங்க சார் சொன்னார்’ என்போம். ஜப்பானியத்தில் வெளியாளிடம் பேசும்போது உங்கள் புச்சோ உங்களோடு சேர்ந்து கீழே இறங்குகிறார். ‘தனகா புச்சோ கா ஒஷ்ஷத்தெ இமஷிதா’ தவறு. ‘புச்சோ நோ தனகா கா மோஷிதெ ஒரிமஷிதா’ சரி. பெயரில் ‘சான்’ கிடையாது, பதவி முன்னால் தகவலாக மட்டும் வருகிறது. அவர் படித்தால் கோபப்படமாட்டார், மரியாதை போட்டிருந்தால்தான் வாடிக்கையாளர் முன் சங்கடப்படுவார். வாழ்த்தும் மாறும்: ‘ஒத்ஸுகரேசமா’ போய் ‘இத்ஸுமோ ஒசெவா நி நத்தெ ஒரிமஸ்’ வரும். உள் மெயிலை வெளியே ஃபார்வர்ட் செய்யும்போது இந்த முதல் வரியை மாற்ற மறப்பார்கள்.

தலைகீழாக, புச்சோவுக்கு எழுதி வாடிக்கையாளரை சிசி-யில் வைத்தால்? இதற்குச் சுத்தமான விடை இல்லை, ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். நான் இரண்டு மெயிலாகப் பிரிக்கச் சொல்வேன்.

நான் ஶ்ரீபெரும்புதூரில் கொரிய கம்பெனியில் இருக்கேன். அப்போ வெளியாள் கிட்ட எங்க பூஜாங்-நிம்மை, அதாவது துறைத் தலைவரை, வெறும் பெயரா எழுதணுமா?

வேண்டாம்! இதுவரை சொன்னது ஜப்பானியத்துக்கு. கொரிய அலுவலகத்தில் வெளியாளிடமும் ‘பூஜாங்-நிம்’ என்றே சொல்வது வழக்கம். அந்த விஷயத்தில் கொரியம் தமிழுக்கு நெருக்கம். ‘புச்சோ’வுக்குப் பின்னால் ஒட்டு வேண்டாம் என்றேன்; கொரியத்தில் ‘நிம்’ இல்லாமல் நேரில் அழைத்தால் அவமரியாதை. ஒன்றின் வார்ப்புருவை மற்றதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

எதற்கெடுத்தாலும் ‘சசெதெ இததகிமஸ்’ போட்டா பாதுகாப்பு இல்லையா?

‘தங்கள் அனுமதியால் செய்யும் பேறு பெற்றேன்’ என்கிற வடிவம் அது. ஜப்பானியக் கலாசார மன்றம் 2007-இல் வெளியிட்ட மரியாதை மொழி வழிகாட்டியில் அதற்கு இரண்டு அளவுகோல் இருக்கின்றன: மற்றவர் அனுமதி பெற்றுச் செய்வது, அதனால் நீங்கள் பயன் அடைவது. விடுப்பு எடுக்கும்போது இரண்டும் பொருந்தும். ‘அறிக்கையை இணைத்தேன்’ என்பதற்கு அவர் அனுமதி எங்கே வந்தது? அங்கே ‘இதஷிமஸ்’ போதும். ஒரு மெயிலில் இது மூன்றாவது முறை கண்ணில் பட்டால் குறைந்தது ஒன்றை வெட்டுங்கள்.

புச்சோ பதிலில் ஒரே வார்த்தை: ‘ரியோகாய்’. நானும் அந்த அளவுக்கு இறங்கலாமா?

இறங்க வேண்டாம். அவர் எழுதும் மட்டம் உங்களுக்குக் கொடுத்த அனுமதி அல்ல. தெஸ், மஸ் அப்படியே இருக்கட்டும். ஆனால் நீளத்தைக் குறைக்கலாம். அதே தொடரில் மூன்றாவது மெயில் போகும்போது மெத்தை வரி வேண்டாம். ஒரு வரி விஷயமும் ‘யொரோஷிகு ஒனெகாய் இதஷிமஸ்’ஸும் போதும்.