தட்டுகிறார்கள், இறக்குவதில்லை: பிட்டைக் குறைப்பதா, பக்கத்தை மாற்றுவதா?

கேள்வி: ஐபோனுக்காகச் செலவுக் கணக்கு ஆப் ஒன்று வைத்திருக்கிறேன். ஆப் ஸ்டோர் தேடல் முடிவுகளில் விளம்பரம் ஓடுகிறது. போன 30 நாளில் 900 தட்டல், 405 இன்ஸ்டால், செலவு 1,620. அதாவது ஒரு இன்ஸ்டாலுக்கு 4. எனக்கு 6 வரை கட்டுப்படியாகும், ஆனாலும் புதுப் பயனர்கள் கூடவே மாட்டேன் என்கிறார்கள். ஒரு தட்டலுக்கு அதிகபட்சம் இவ்வளவு தருவேன் என்று ஏலத்தில் சொல்லும் தொகையை, அதாவது பிட்டை, கூட்டினால் செலவுதான் கூடுகிறது. எங்கே கோளாறு? (அறிக்கையும் ஸ்கிரீன்ஷாட்களும் இணைத்திருக்கிறேன்.)

பதில்: அந்த 4 என்ற சராசரியை முதலில் மறந்துவிடுங்கள். அறிக்கையைக் கீவேர்டு வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். மூன்று கூட்டம் தெரிகிறது. உங்கள் ஆப்பின் பெயரையே தேடியவர்கள் 300 தட்டல், 225 இன்ஸ்டால், செலவு 180. `expense tracker` வகைத் தேடல்கள் 300 தட்டல், 120 இன்ஸ்டால், செலவு 660. `receipt scanner` வகை 300 தட்டல், 60 இன்ஸ்டால், செலவு 780. இன்ஸ்டால் ஒன்றுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தால் முறையே 0.80, 5.50, 13.

பெயரைச் சொல்லித் தேடி வருபவர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டவர். அதிலும் பலர் முன்பு நீக்கிவிட்டு மறுபடி இறக்குபவர்கள். அறிக்கையில் `Redownloads` என்ற பத்தியைச் சேர்த்துப் பாருங்கள், தெரியும். புதுப் பயனர்கள் ஏன் கூடவில்லை என்பதற்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைக்கும். அந்த 225 பேரின் மலிவு விலைதான் மூன்றாவது கூட்டத்தின் 13-ஐ இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தது.

இனி அந்த மூன்றாவது கூட்டத்தை மட்டும் பார்ப்போம். இந்த விளம்பரத்தில் காட்டுவதற்குக் காசு கிடையாது, தட்டினால்தான் காசு. இங்கே ஒரு தட்டலுக்கு 780 ÷ 300 = 2.60, தட்டியவர்களில் இறக்கியவர்களின் விகிதம் 60 ÷ 300 = 0.20. ஆகவே இன்ஸ்டால் விலை என்பது எளிய வகுத்தல்:

```
இன்ஸ்டால் விலை = தட்டல் விலை ÷ இன்ஸ்டால் விகிதம்
2.60 ÷ 0.20 = 13
```

இதையே திருப்பிப் போட்டால் இன்னும் பயன். நீங்கள் தாங்கக்கூடிய 6-ஐ விகிதத்தால் பெருக்குங்கள்: 6 × 0.20 = 1.20. இந்தக் கீவேர்டில் ஒரு தட்டலுக்கு நீங்கள் கொடுக்கக்கூடியது அவ்வளவுதான். ஆனால் அங்கே இப்போது 2.60 போய்க்கொண்டிருக்கிறது. இது ஏலம். அடுத்த போட்டியாளர் எவ்வளவு சொல்கிறார் என்பதைப் பொறுத்து விலை அமைகிறது, நீங்கள் சொன்ன தொகை அதற்கு மேல்வரம்பு மட்டும். பிட்டை 1.20-க்கு இறக்கினால் தட்டல் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான ஏலங்களில் தோற்று, விளம்பரம் கண்ணிலேயே படாமல் போகும். கூட்டினாலோ, நீங்களே பார்த்தபடி, அதே 20 சதவீதத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பீர்கள். நகர்த்த வேண்டிய எண் அந்த 20.

அது ஏன் 20 என்பது நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்களைப் பார்த்ததுமே புரிந்தது. ஆப்பின் துணைத்தலைப்பு `Budget & Receipt Scanner`. ரசீதை ஸ்கேன் செய்ய வேண்டும் என்று தேடியவர் விளம்பரத்தில் அந்தச் சொல்லைப் பார்த்துத் தட்டுகிறார். உள்ளே வந்தால் முதல் படம் வண்ண வட்ட வரைபடம். இரண்டாவது மாதாந்திர பட்ஜெட். மூன்றாவது டார்க் மோட். ரசீதைக் கேமராவில் பிடிக்கும் படம் ஆறாவதாக உட்கார்ந்திருக்கிறது. ஆறாவது படம் வரை விரலால் தள்ளிப் பார்ப்பவர் மிகக் குறைவு. துணைத்தலைப்பு கொடுத்த வாக்கைப் பக்கம் காப்பாற்றவில்லை, தட்டலுக்கான காசு மட்டும் போய்விட்டது.

`expense tracker` என்று தேடியவருக்கோ அதே வட்ட வரைபடம் சரியான முதல் படம். அதனால்தான் அங்கே 40 சதவீதம். ஆகவே மூலப் பக்கத்தில் கைவைக்க வேண்டாம். படங்களின் வரிசையை அங்கே மாற்றினால் ஒரு கூட்டத்துக்கு நல்லது செய்து இன்னொன்றைக் கெடுப்பீர்கள். (நானும் ஒருமுறை அப்படிச் செய்து, இரண்டு வாரம் கழித்துப் பழைய வரிசைக்கே திரும்பியவன்தான்.)

இதற்கென்றே ஆப் ஸ்டோர் கனெக்டில் `Custom Product Pages` இருக்கிறது. அதே ஆப்புக்கு இன்னொரு பக்கம் அமைக்கலாம். ஸ்கிரீன்ஷாட், முன்னோட்ட வீடியோ, 170 எழுத்துக்குள் அடங்கும் விளம்பர வாசகம் ஆகியவற்றை மாற்ற முடியும். பெயர், ஐகான், துணைத்தலைப்பு, விளக்கம் அப்படியேதான் இருக்கும். ஆப்பின் புதுப் பதிப்பை வெளியிட வேண்டியதில்லை, ஆனால் பக்கம் ஆப்பிளின் பரிசீலனையைத் தாண்ட வேண்டும்.

புதுப் பக்கத்தில் முதல் மூன்று படங்களுக்குத்தான் உழைப்பு. நிமிர்ந்த படங்களாக இருந்தால் தேடல் முடிவில் மூன்று வரை தெரியும், விளம்பரத்திலேயே இன்ஸ்டால் பட்டனும் இருக்கும். பக்கத்துக்குள் வராமல் அங்கேயே முடிவெடுப்பவர்களும் உண்டு. முதல் படம்: கசங்கிய ரசீது ஒன்றின் மேல் கேமராச் சட்டம். இரண்டாவது: அதே ரசீதிலிருந்து தேதியும் தொகையும் தானாக நிரம்பிய திரை. மூன்றாவது: மாத இறுதியில் எல்லா ரசீதுகளும் ஒரே பட்டியலாக. மூன்றிலும் ஒரே ரசீது, ஒரே தொகை வரட்டும். பார்ப்பவர் கண் அதைப் பின்தொடரும். படத்தின் மேல் எழுதும் வாசகம் நான்கைந்து சொல்லுக்குமேல் போனால், தேடல் முடிவில் சிறிதாகிப்போகும் படத்தில் அதைப் படிக்கவே முடியாது. முடித்ததும் போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். கணினித் திரையில் பார்த்துத் திருப்திப்படுவதுதான் வழக்கமான தப்பு.

பிறகு விளம்பரக் கணக்கில் ரசீது சார்ந்த கீவேர்டுகளை மட்டும் தனி ஆட் குரூப்பாக்குங்கள். பொருத்தம் `Exact`, அதாவது தேடிய சொல் கீவேர்டோடு நெருக்கமாக ஒத்தால்தான் விளம்பரம் வரும். அந்த ஆட் குரூப்பில் புது விளம்பரம் உருவாக்கி, இந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். எந்தத் தேடலுக்கு விளம்பரம் காட்டலாம் என்று ஆப்பிளே முடிவுசெய்யும் `Search Match` அங்கே அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சம்பந்தமில்லாத தேடல்கள் நுழைந்து கணக்கைக் கலக்கும். உங்கள் `Search Terms` அறிக்கையில் `document scanner` கணிசமாக இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கும் ஆப், உங்களுடையது அல்ல. அதை நெகட்டிவ் கீவேர்டாகப் போடுங்கள், அந்தத் தேடலுக்கு விளம்பரம் வராது. படத்தை எப்படி மாற்றினாலும் அவர்கள் இறக்கப்போவதில்லை.

அளக்கும்போது அவசரம் வேண்டாம். 100 தட்டலில் 20 இன்ஸ்டால் வந்தால், உண்மையான விகிதம் ஏறத்தாழ 12-க்கும் 28-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 300 தட்டலில் அந்த இடைவெளி சுமார் 15.5 முதல் 24.5 வரை என்று சுருங்குகிறது. ஆகவே புதுப் பக்கத்துக்கும் 300 தட்டல் சேரும் வரை பிட்டைத் தொடாதீர்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. கூடவே, கை வைக்காத `expense tracker` கூட்டத்தின் விகிதத்தையும் அதே வாரங்களில் பாருங்கள். அங்கேயும் 40-லிருந்து 50-க்குப் போயிருந்தால், காரணம் உங்கள் படங்கள் அல்ல, பருவமோ போட்டியாளரோ.

300 தட்டலில் 96 இன்ஸ்டால், அதாவது 32 சதவீதம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். தற்செயல் என்று ஒதுக்க முடியாத ஏற்றம் அது. அதே 2.60-க்கு இன்ஸ்டால் விலை 13-லிருந்து 8.13 ஆகும். இன்னமும் 6-க்கு மேல்தான். ஆனால் நீங்கள் தாங்கக்கூடிய தட்டல் விலை இப்போது 6 × 0.32 = 1.92. முன்பு 1.20-க்கு அநேகமாக எந்த ஏலத்திலும் நிற்க முடியாது, 1.92-க்குச் சிலவற்றில் நிற்கலாம். பிட்டை அங்கே இறக்கி, எத்தனை தட்டல் மிஞ்சுகிறது என்று பாருங்கள். பக்கம் மாறிய பிறகுதான் பிட்டைக் குறைப்பதில் அர்த்தம் வருகிறது.

இன்னொரு பக்க விளைவும் உண்டு. ஏலத்தில் தொகை மட்டும் பேசுவதில்லை, தேடலுக்கு ஆப் எவ்வளவு பொருத்தம் என்பதும் சேர்கிறது. பார்ப்பவர்கள் தட்டுகிறார்களா என்பதும் அந்தப் பொருத்தத்தில் அடங்கும். விளம்பரத்தில் தெரியும் படம் தேடிய சொல்லோடு ஒட்டினால் `TTR`, அதாவது பார்த்தவர்களில் தட்டுபவர்களின் விகிதம், ஏறும். ஆனால் இதை எண்ணிக்கையாக முன்கூட்டியே கணக்கில் சேர்க்காதீர்கள், வந்தால் லாபம்.

படங்களால் தீராதவையும் இருக்கின்றன. நட்சத்திர மதிப்பீடு தாழ்ந்திருந்தால் விளம்பரத்திலேயே அது தெரியும். நாட்டு மொழிக்குப் பக்கம் இல்லாவிட்டாலும் விகிதம் விழும். உங்களுக்கு இரண்டும் சிக்கல் இல்லை. 25 சதவீதத்தையே தாண்டாவிட்டால் மட்டும், அந்தக் கீவேர்டை நிறுத்திவிட்டு அதன் பணத்தை `expense tracker` பக்கம் திருப்புங்கள்.

ஆண்ட்ராய்டுக்கு இதை அப்படியே எடுத்துப்போக முடியாது. கூகுளின் ஆப் விளம்பரங்களில் கீவேர்டை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, ஆகவே இப்படிக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்க இயலாது. அங்கே ப்ளே கன்சோலில் ஸ்டோர் பக்கத்தையே இரண்டாகப் பிரித்துச் சோதிக்கும் வசதியிலிருந்து தொடங்க வேண்டும்.

கடைசியாக அந்த 6. அது எல்லாக் கூட்டத்துக்கும் ஒன்று என்று நீங்கள் வைத்திருப்பதாகத் தெரிகிறது. இன்ஸ்டால் எந்த விளம்பரத்திலிருந்து வந்தது என்று ஆப்புக்குச் சொல்லும் ஆப்பிளின் `AdServices` வழியாக, இந்தக் கீவேர்டுகளால் வந்த இன்ஸ்டால்களுக்கு `keywordId` கிடைக்கும். அதைச் சந்தா விவரத்தோடு சேர்த்துப் பாருங்கள். ரசீதுக்காக வந்தவர்கள் செலவுக் கணக்குக்காக வந்தவர்களைவிடக் குறைவாகச் சந்தா கட்டினால், அவர்களுக்கான வரம்பு 6 அல்ல, 4 ஆகவும் இருக்கலாம். அப்போது 1.92 அல்ல, 1.28-தான் உங்கள் தட்டல் விலை.