வலி முழங்காலில், பயிற்சி இடுப்புக்கா?

கேள்வி: டாக்டர் சார், எனக்கு வயது 17. ஊர் மண்டபம். 1500 மீட்டருக்குத் தயாராகிறேன். மூன்று வாரமாக வலது முட்டிச்சில்லைச் சுற்றி வலி. படி இறங்கினால் அதிகம். மாலைப் பயிற்சியில் முட்டியை விட்டுவிட்டு இடுப்புக்கே பயிற்சி கொடுக்கிறீர்களே, ஏன்?

பதில்: தம்பி, ஓடும்போது இரண்டு கால்களும் சேர்ந்து தரையில் இருப்பதே இல்லை. ஒவ்வொரு எட்டிலும் ஒற்றைக் காலில்தான் இறங்குகிறாய். உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் விசை அதில் ஏறும். வலது காலில் இறங்கும் நொடியில் இடுப்பின் இடது பக்கத்தைத் தாங்கக் கீழே எதுவும் இல்லை. அது சரியாமல் இழுத்துப் பிடிப்பது வலது பிட்டத்தின் மேல்பக்கத் தசை. பேன்ட் பின்பாக்கெட்டுக்கு மேலே, சற்றுப் பக்கவாட்டில் விரல் வைத்தால் தெரியும். குளூட்டியஸ் மீடியஸ் என்று பெயர்.

அது சோர்ந்தால் இடது இடுப்பு இறங்கும். வலது தொடையெலும்பு உள்பக்கம் சாய்ந்து திரும்பும், முழங்காலும் கூடவே உள்ளே போகும். தொடையெலும்பின் அடிநுனியில் உள்ள பள்ளத்தில்தான் முட்டிச்சில்லு மேலும் கீழும் ஓடுகிறது. பள்ளமே திரும்பிவிட்டால் சில்லு வெளி ஓரத்தில் அழுந்தும். முழங்காலுக்கு மடங்கவும் நிமிரவும்தான் நன்றாகத் தெரியும். பக்கவாட்டில் சாயாமல் காப்பது பெரும்பாலும் இடுப்பின் வேலை.

உனக்கும் அப்படியா என்று பார்த்துவிடலாம். ஒற்றைக் காலில் நின்று, பாதி நாற்காலி உட்காருவதுபோல் மெதுவாக ஐந்து முறை இறங்கி ஏறு. நண்பனை எதிரே நின்று போனில் படம் பிடிக்கச் சொல். முட்டி பெருவிரலைத் தாண்டி உள்ளே போகிறதா, மறுபக்க இடுப்பு இறங்குகிறதா என்று இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார். முதலிரண்டு தடவை நேராக இருந்து ஐந்தாவதில் ஆடினாலும் கணக்குதான். ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் நடப்பது அதுதான்.

ஆடினால், சுவரோரமாகப் பக்கவாட்டில் படுத்து, மேல்காலின் குதிகாலைச் சுவரில் உரசியபடி 12 முறை தூக்கு. அப்படி மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். பாதம் வானத்தைப் பார்த்துத் திரும்பினால் வேறு தசை வேலையைப் பிடுங்கிக்கொள்ளும். எளிதானதும் படியில் ஒற்றைக் காலில் நின்று மறுகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சி. ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். தசை பலத்தாலும் ஓடும் பாணி தானாக மாறிவிடாது. காலடியைக் கொஞ்சம் சின்னதாக்கி வேகமாக வை, முட்டியின் சுமை குறையும்.

அதுவரை கடலோரச் சரிவு மணல் வேண்டாம். ஒரு பாதம் எப்போதும் தாழ்வாக விழுவதால் இடுப்பு சாய்ந்தே ஓடும். சமமான தார்ச்சாலையே மேல். பத்துக்கு மூன்றுவரை வலித்து, மறுநாள் காலையில் அடங்கிவிட்டால் ஓடலாம். மீறினால் தூரத்தைக் குறை.

முட்டி வீங்கினாலோ, மடங்காமல் பூட்டிக்கொண்டாலோ, இரவில் வலித்தாலோ காத்திருக்காதே. வளரும் வயதில் தொடையெலும்பின் தலை நழுவும் நோய் ஒன்று உண்டு. கோளாறு இடுப்பு மூட்டில், வலியோ முட்டியில். நொண்டி நடந்தாலோ, காலை உள்பக்கம் திருப்ப முடியாவிட்டாலோ ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்துவிடு.