நூறு ரூபாயோடு விட்டுவிடாதீர்கள்: கூரியர் கம்பெனிக்கு எழுத வேண்டிய கடிதம்

"மேடம், அம்மா திருநெல்வேலியிலிருந்து மார்ச் 3 ஆம் தேதி கூரியரில் போட்ட பெட்டி 7 ஆம் தேதி சென்னைக்கு வந்தது. ஓடிபி சொல்லி வாங்கி வைத்துவிட்டேன். சாயங்காலம் பிரித்தால் ஜோடிக் குத்துவிளக்கில் ஒன்று இல்லை, பட்டுப்புடவை இல்லை, மிக்ஸி உடைந்திருக்கிறது. ஒரு சின்ன வெள்ளிக் குங்குமச் சிமிழும் காணோம். கஸ்டமர் கேரில் கேட்டால் ரசீதுக்குப் பின்னால் படியுங்கள், நூறு ரூபாய்தான் வரும் என்கிறார்கள். கடிதம் எழுதினால் பலன் இருக்குமா? எப்படி எழுதுவது?"

எழுதியே ஆக வேண்டும். பலன் இருக்குமா என்பது அப்புறம், கடிதம் இல்லாவிட்டால் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி வழக்கே போட முடியாது. 2007 ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் கூரியர் கம்பெனிகளையும் சேர்த்துத்தான் பேசுகிறது. அதன் 16 ஆவது பிரிவு, பொருளை புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் போயிருக்க வேண்டும் என்கிறது. கவனியுங்கள், பெட்டி உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, அம்மா புக் செய்த நாளிலிருந்து. உங்களுக்கு ஆகஸ்ட் 30 கடைசி. ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள், இந்த வாரமே அனுப்புங்கள். பெட்டி விமானத்தில் போயிருந்தால் கெடு இதைவிட மிகக் குறைவு, அதோடு தாமதிக்கத் தாமதிக்க "வீட்டிலேயே தொலைத்திருப்பார்கள்" என்று சொல்ல அவர்களுக்கு வசதியாகிவிடும். கஸ்டமர் கேரில் பேசியது நோட்டீஸ் ஆகாது, புகார் எண் கொடுத்திருந்தாலும் ஆகாது.

நீங்கள் அனுப்பிய படங்களில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டவை இரண்டு. அம்மா ஒட்டியது காக்கி நிற டேப். அதற்கு மேல் ஒரு ஓரத்தில் மட்டும் கண்ணாடி டேப் ஓடுகிறது, அதன் அடியில் காக்கி டேப் நேர்க்கோட்டில் அறுபட்டிருக்கிறது. இரண்டாவது, ரசீதில் எடை 13.4 கிலோ என்று இருக்கிறது. பக்கத்து மளிகைக் கடைத் தராசில் நிறுத்தபோது 10.9 கிலோ வந்ததாகச் சொன்னீர்கள். குறைவது 2.5 கிலோ. உங்களிடம் மிஞ்சியிருக்கும் விளக்கு 1.8 கிலோ, அட்டைப் பெட்டியோடு புடவை சுமார் 700 கிராம், கணக்கு அப்படியே உட்காருகிறது. 13.4 என்று எடை போட்டு எழுதியது அவர்கள் ஆள் என்பதால் இதை மறுப்பது அவர்களுக்குக் கஷ்டம். கடிதத்தில் இது மேலேயே வரட்டும். பெட்டியையும் டேப்பையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஓடிபி கொடுத்தது உங்களுக்கு எதிராக வரும் என்று பயப்பட வேண்டாம். மூடிய பெட்டி ஒன்று கைக்கு வந்தது என்பதற்குத்தான் அது சான்று, உள்ளே எல்லாம் சரியாக இருந்தது என்பதற்கு அல்ல. ஆனால் எத்தனை மணிக்கு வாங்கினீர்கள், எத்தனை மணிக்குப் பிரித்தீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

தொகையில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், கோபத்தில் மிக்ஸிக்குப் புது விலை போடுவார்கள், மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் என்று சேர்ப்பார்கள். முதல் கடிதத்தில் பொருளின் கணக்கு மட்டும் இருக்கட்டும். விளக்கு ஜோடி 5,200 ரூபாய் என்று பில் இருக்கிறது, போனது ஒன்று, எனவே 2,600. புடவை பில்படி 6,400. மிக்ஸியின் மோட்டார் ஓடுகிறது, மேல் பாகமும் ஒரு ஜாரும்தான் போயிருக்கின்றன, சர்வீஸ் சென்டர் கொடுத்த எஸ்டிமேட் 1,350, அதைக் கேளுங்கள். கூரியர் கட்டணம் 780. மொத்தம் 11,130.

வெள்ளிச் சிமிழை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தக் கம்பெனியின் நிபந்தனைகளில் பணம், நகை, வெள்ளி அனுப்பக் கூடாது என்று இருக்கிறது, அம்மாவும் ரசீதில் அதைக் குறிப்பிடவில்லை. பித்தளைச் சிமிழ் என்று மாற்றி எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். அந்த ஒரு பொய் வெளிப்பட்டால் பில்லோடு இருக்கும் புடவையையும் நம்ப மாட்டார்கள்.

கடிதம் இப்படி இருக்கட்டும். அனுப்பியவர் என்ற முறையில் அம்மாவும், பெற்றவர் என்ற முறையில் நீங்களும் கையெழுத்துப் போடுங்கள்.

"பொருள்: டாக்கெட் எண் ____, திருநெல்வேலி - சென்னை, 03.03 அன்று புக் செய்த பார்சலில் இழப்பு, சேதம். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007, பிரிவு 16-ன் கீழ் அறிவிப்பு.

மேற்படி பார்சல் 13.4 கிலோ எடையில் உங்கள் திருநெல்வேலி கிளையில் ஒப்படைக்கப்பட்டது. பொருள்களின் மதிப்பு ரூ. 10,000 என ரசீதில் குறிக்கப்பட்டுள்ளது. 07.03 அன்று காலை 11 மணிக்கு டெலிவரி செய்யப்பட்டது, அன்று மாலை 6 மணிக்குப் பிரித்தபோது எடை 10.9 கிலோ. எங்கள் டேப் அறுக்கப்பட்டு வேறு டேப் ஒட்டப்பட்டிருந்தது.

காணாமல் போனவை: பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று (ரூ. 2,600), பட்டுப்புடவை ஒன்று (ரூ. 6,400). உடைந்தது: மிக்ஸியின் மேல் பாகம், ஒரு ஜார் (பழுதுச் செலவு ரூ. 1,350). கூரியர் கட்டணம் ரூ. 780. ஆக மொத்தம் ரூ. 11,130.

இந்தத் தொகையை 15 நாளுக்குள் தர வேண்டும். பார்சல் எந்தெந்த ஹப்பில் எடை போடப்பட்டது என்ற விவரமும் வேண்டும். பெட்டியை நேரில் பார்வையிடலாம். தவறினால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவோம்.

இணைப்பு: ரசீது, பில்கள், எஸ்டிமேட், படங்கள் (நகல்)."

ஹப் எடை கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. வழியில் எங்கே எடை குறைந்தது என்று தெரிந்தால் எந்த ஊரில் பெட்டி திறக்கப்பட்டது என்பதும் தெரிந்துவிடும், ஊழியர்களே எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த ஊர்க் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, டெலிவரி ஆன சான்றை எடுத்து வையுங்கள். நகல் ஒன்று திருநெல்வேலி கிளைக்கு, ஒன்று மின்னஞ்சலில்.

இனி அந்த நூறு ரூபாய். 1996-ல் பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம், கையெழுத்துப் போட்ட கூரியர் ரசீதில் இருந்த இழப்பீட்டு வரம்பு செல்லும் என்று சொன்னது உண்மை, கம்பெனிகள் அதையே தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆனால் உங்கள் ரசீதில் அனுப்புபவர் கையெழுத்து இடம் காலியாக இருக்கிறது. பின்பக்கத்துப் பொடி எழுத்தை யாரும் அம்மாவுக்குப் படித்துக் காட்டவும் இல்லை. நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய வேறுபாடு இதுதான். அதோடு, 2007 சட்டத்தின் கீழ் வந்த விதிகள் கம்பெனியே ரிஸ்க் ஏற்பதற்கான அதிகக் கட்டணம் கட்டாத பார்சலுக்குக்கூட, குறித்த மதிப்பைத் தாண்டாமல், கட்டணத்தைப் போல் பத்து மடங்கு வரை பொறுப்பு என்கின்றன. 780-க்குப் பத்து மடங்கு 7,800. அம்மா ரிஸ்க் கட்டணம் கட்டவில்லை என்பதால் அவர்கள் கடைசியில் இந்த எண்ணில் வந்து நிற்கலாம். அதனால் 7,800-க்கு மேல் எழுத்தில் ஏதாவது தந்தால் யோசிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன்.

பதிலே வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், இந்த அளவுத் தொகைகள் அங்கேயே முடிவதும் உண்டு. அதிலும் நகராவிட்டால் சென்னையில் நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், திருநெல்வேலிக்கு அலைய வேண்டியதில்லை. இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. மன உளைச்சலுக்கும் செலவுக்கும் அங்கே கேளுங்கள்.

அந்த ரசீது மங்கிப் போகும் தாளில் அச்சானது. இன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.