ஒட்டிய பல் ஈறில்தான் மாட்டிக்கொள்கிறது

கேள்வி: மகளுக்கு மேல் முன்பல் ஒன்று விழுந்திருந்தபோது எடுத்த போட்டோ. போட்டோஷாப்பில் பக்கத்துப் பல்லை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தேன், ஒட்டினது பளிச்சென்று தெரிகிறது. எப்படிச் சரிசெய்வது?

பல்லை மட்டும் வெட்டி எடுத்திருப்பீர்கள். பல் இருக்கும் இடத்தில் ஈறு வளைந்து நிற்கும், இரண்டு பல்லுக்கு நடுவே சின்ன முக்கோணமாகக் கீழே இறங்கும். பல் விழுந்த இடத்தில் இதெல்லாம் தட்டையாகிவிடும். அந்தத் தட்டை ஈறின் மேல் பல்லை வைத்தால் ஸ்டிக்கர் போலத்தான் இருக்கும். மேலுதடு ஈறை மறைத்திருந்தால் மட்டும் இந்தக் கவலை வேண்டாம்.

அதனால் பக்கத்து முன்பல்லை, மேலே உள்ள ஈறு வளைவையும் ஓரத்து முக்கோணத்தையும் சேர்த்து Lasso-வால் தளர்வாகத் தேர்ந்தெடுத்து Ctrl+J அடியுங்கள். பிறகு Ctrl+T, வலது கிளிக், Flip Horizontal. முகம் கொஞ்சம் திரும்பியிருந்தால் தள்ளியிருக்கும் பக்கத்துப் பல் ஒடுங்கித் தெரிய வேண்டும். இருக்கிற பல் 60 பிக்சல், அந்தப் பக்கத்து இடைவெளி 54 பிக்சல் என்றால் அகலத்தை மட்டும் 90 சதவீதமாக்குங்கள், உயரத்தைத் தொடாதீர்கள். அதன்பின் Warp-இல் கீழ் விளிம்பை லேசாக இழுத்து, இரண்டு பல்லும் அச்சு அசலாக இல்லாதபடி செய்யுங்கள். லேயர் மாஸ்க் போட்டு, ஈறுப் பகுதியை மென்மையான பிரஷ்ஷால் கரையுங்கள். பல் விளிம்பில் அவ்வளவு மென்மை கூடாது, ஒன்றிரண்டு பிக்சல் போதும். இரண்டு பல்லும் தொடும் இடத்தில் மெல்லிய இருண்ட கோடு விடுபட்டால் ஒரே அகலமான பல்லாகத் தெரியும்.

திருப்பியதால் பல்லின் மேல் இருக்கும் ஒளிப்புள்ளியும் இடம் மாறியிருக்கும். ஒரு பல்லில் வெளிச்சம் இடதுபுறம், பக்கத்துப் பல்லில் வலதுபுறம் என்றால் காரணம் புரியாவிட்டாலும் கண்ணுக்கு உறுத்தும். Healing Brush-ஆல் அதை அழித்து, திருப்பாத பல்லிலிருந்து Clone Stamp-ஆல் சரியான பக்கத்தில் வையுங்கள்.

பக்கத்தில் இருப்பது பால்பல்லா, புதிதாக முளைத்த நிலைப்பல்லா என்றும் பாருங்கள். நிலைப்பல் பெரிதாக, சற்று மஞ்சளாக, கீழ் விளிம்பு ரம்பம் போல இருக்கும். குறுகிய இடைவெளியில் அதைத் திணிக்க வேண்டாம். பல் விழுவதற்கு முன் ஏறக்குறைய இதே கோணத்தில் எடுத்த போட்டோ இருந்தால் அந்தப் பால்பல்லையே எடுங்கள். ஆனால் செயலி வழியாக அனுப்பிச் சுருங்கிப்போன படம் உதவாது, பல் விளிம்பெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். கையோடு பல்லை வெள்ளையாக்கும் பழக்கமும் வேண்டாம். குழந்தை வாயில் சுண்ணாம்பு அடித்துவிட்டு இயற்கையாக இல்லை என்று புலம்புகிறவர்கள் ஏராளம்.

'பொக்கைச் சிரிப்புதானே அழகு' என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு: ஒட்டுவது தனி லேயரில். கண் குறியை அணைத்தால் பழைய சிரிப்பு அப்படியே இருக்கும்.

கடைசியில் 100 சதவீத அளவில் வைத்து, Image > Image Rotation > Flip Canvas Horizontal கொடுத்துப் பாருங்கள். பழகிப்போன கண்ணுக்குப் படாத கோணலும் நிற வேறுபாடும் அப்போது தெரியும். திருத்தியபின் மறுபடி திருப்பிவிட மறக்காதீர்கள்.