பெல்ஜியத்தில் விற்காத கேம் பேக் லண்டனில் ஏன் கிடைக்கிறது?

கேள்வி: நாங்கள் லண்டனில் இருக்கிறோம். என் 13 வயது மகன் ஃபுட்பால் கேமில் ஆட்டக்காரர் அட்டைகள் அடங்கிய 'பேக்' வாங்கியே 60 பவுண்ட் தீர்த்துவிட்டான். அவன் நினைத்த ஆட்டக்காரர் வரவே இல்லை. பெல்ஜியத்தில் என் தங்கை மகன் அதே கேமில் காசு கொடுத்து பேக் வாங்க முடியாதாம். இது சூதாட்டம்தானே?

பதில்: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கட்டுவதால், பார்த்தால் சூதாட்டம் போலத்தான் இருக்கிறது. ஆனால் ஜெயித்துக் கிடைப்பது எப்படிப்பட்ட பொருளாக இருந்தால் அது சூதாட்டம் என்பதில்தான் நாட்டுக்கு நாடு சட்டம் பிரிகிறது.

பெல்ஜியத்தின் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஆட்டம், பந்தயப் பணம், லாபமோ நஷ்டமோ, அதிர்ஷ்டம் ஆகிய நான்கும் இருந்தால் போதும். கிடைக்கும் பொருளை வெளியே விற்றுக் காசாக்க முடிய வேண்டும் என்பதில்லை. 2018 ஏப்ரலில் அங்குள்ள சூதாட்ட ஆணையம் ஃபிஃபா 18 என்ற ஃபுட்பால் கேமின் பேக்குகளை இந்த நான்கோடும் ஒப்பிட்டுப் பார்த்து, சட்டவிரோதம் என்றது. தண்டனையில் சிறையும் உண்டு. அதனால் அந்த கேமைத் தயாரித்த இஏ நிறுவனம், பேக் வாங்கக் காசு கொடுத்துப் பெறும் ஃபிஃபா பாயின்ட் விற்பதை 2019 ஜனவரி இறுதியோடு அங்கே நிறுத்தியது. விளையாடிச் சேர்த்த காயினுக்கு மட்டும் பேக் கிடைத்தது.

பக்கத்து நெதர்லாந்து, ஆட்டக்காரர் அட்டையைக் கைமாற்றி விற்க முடிகிறதா என்று பார்த்தது. முடிகிறது என்று சொல்லி அதே நிறுவனத்துக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. 2022 மார்ச்சில் உயர் நிர்வாக நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. பேக் திறப்பது தனி ஆட்டம் இல்லை, திறமையால் ஆடும் பெரிய ஆட்டத்தின் ஒரு பகுதி என்பது அதன் வாதம்.

நீங்கள் இருக்கும் பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பரிசு பணமாகவோ பணமதிப்பு உள்ளதாகவோ இருக்க வேண்டும். கேமுக்குள்ளேயே அடங்கிவிடும் அட்டை அதில் சேராது. 2022-இல் அரசு இதை ஆராய்ந்து, சட்டத்தை மாற்றப்போவதில்லை என்று முடிவு செய்தது. என்னைக் கேட்டால் பெல்ஜியத்தின் பார்வைதான் சரி. அட்டையை விற்க முடியாது என்பதால் பையனின் 60 பவுண்ட் திரும்பி வந்துவிடுமா? ஆனால் தடை போட்டதோடு அங்கே எல்லாம் நின்றுவிடவில்லை. அதிகம் சம்பாதிக்கும் 100 ஐபோன் கேம்களில் 82-இல் இப்படிப்பட்ட பேக்குகள் இருந்ததை, தடைக்குச் சில ஆண்டுகள் கழித்து வந்த ஓர் ஆய்வு காட்டியது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. உங்களைக் கேட்காமல் உங்கள் கார்டில் வாங்கியிருந்தால், அதைச் சொல்லி, வாங்கிய ஸ்டோரிடமே இன்றைக்கே ரீஃபண்ட் கேளுங்கள். அப்புறம் பிளேஸ்டேஷன் என்றால், மகனுக்குத் தனிச் சிறுவர் கணக்கு தொடங்கி, மாதச் செலவு வரம்பைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த கேம் வாங்கும்போது, வயது முத்திரைக்குப் பக்கத்தில் `In-Game Purchases (Includes Random Items)` என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதிலும் இதே மாதிரி விற்பனை உண்டு.