ஒன்பது நிறம் வேண்டாம், மூன்று போதும்

"16 வயதுப் பையன் ஒருவன் போனில் ஒன்பது முடி நிறங்களைப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் அப்பாவிடம் பேசப் போகிறான். இதுதான் என் சிறுகதை. நடுவில் தொய்கிறது, ஆப் விளம்பரம் மாதிரி இருக்கிறது என்கிறார்கள் நண்பர்கள். எதை வெட்டுவது, எதை வைத்துக்கொள்வது?"

தொய்வுக்குக் காரணம் எண்ணிக்கை மட்டுமல்ல. ஒன்பது முறையும் ஒரே காரியம்தான் நடக்கிறது: விரலால் தள்ளுகிறான், நிறம் மாறுகிறது, பிடிக்கிறது அல்லது பிடிக்கவில்லை. ஆறாவதையும் ஏழாவதையும் இடம் மாற்றி வைத்தாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. அப்படி இடம் மாற்ற முடிகிறவற்றை வெட்டிவிடுங்கள். மிஞ்சும் மூன்றும் அவனை அப்பாவின் பக்கம் தள்ளட்டும்.

எந்த மூன்று? அதற்கு அந்த ஆப் எதை மறைக்கிறது என்று தெரிய வேண்டும். கேமராப் படத்தில் முடி இருக்கும் பகுதியை அது பிரித்தெடுக்கிறது. அப்புறம் வெளிச்சத்தையும் நிழலையும் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டு, மேலே நிறத்தை ஏற்றுகிறது. அதனால் கறுப்பு முடியில் ஒரு நொடியில் பளிச்சென்று நீலம் வந்துவிடும். சலூனில் அப்படி வராது. நீலச் சாயம் முடியை வெளுக்காது. கறுப்பின் மேல் நீலச் சாயம் பூசினால் வெயிலில் நின்றால்தான் லேசாகத் தெரியும். நிஜ நீலம் வேண்டுமென்றால் முதலில் ப்ளீச் செய்து நிறத்தை எடுக்க வேண்டும். அப்போது கறுப்பு முதலில் செம்பழுப்பாகும், பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள். மஞ்சள் மிச்சமிருக்கும்போது நீலம் பூசினால் பச்சை கலந்துவிடும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், அடுத்த மாதமே அடியில் கறுப்பு எட்டிப் பார்க்கும்.

இதில்தான் உங்கள் கதை இருக்கிறது. முதல் நிறம் நீலமாக இருக்கட்டும். திரையில் பார்த்து மயங்குகிறான். பிறகு சலூன் அண்ணனிடம் விசாரிக்கிறான். "ப்ளீச் பண்ணணும் தம்பி. வீட்ல கேட்டுட்டு வா" என்கிறார் அவர். இதுவரை விளையாட்டு, இனி அனுமதி வேண்டும் என்ற திருப்பம் அந்த ஒரு வரியில் வந்துவிடுகிறது. இரண்டாவது, சாம்பல் வெள்ளி. போட்டுப் பார்த்ததும் திரையில் தெரிவது சாயம் பூசாத அப்பாவின் தலை. இதை விளக்காதீர்கள், அவன் சட்டென்று அடுத்த நிறத்துக்குத் தள்ளினால் போதும். மூன்றாவது, அடர் பழுப்பு. ப்ளீச் இல்லாமலே கறுப்பு முடியில் ஓரளவு எடுபடக்கூடியது அதுதான். அவன் கேட்கத் துணிவதும் அதைத்தான். ஆசைப்பட்டது நீலம், கேட்பது பழுப்பு. அந்த இடைவெளியை அப்பா கண்டுபிடிப்பாரா என்பதுதான் வாசகரை இழுக்கும்.

ஒரு வேடிக்கையும் கையில் இருக்கிறது. சில ஆப்களில், பின்னால் யாராவது வந்து நின்றால் அவர் தலையிலும் நிறம் ஏறிவிடும். துண்டோடு கடந்து போகும் அப்பாவுக்கு ஒரு கணம் நீல முடி! நடுவில் வையுங்கள். முடிவில் வைத்தால் ஜோக்காகிவிடும்.

இனி பேச்சு. உங்கள் அப்பா பாத்திரத்துக்கு வயது ஐம்பதுக்கு மேல் என்று வைத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை குளியலறைக் கண்ணாடி முன் மீசைக்கு டை அடிக்கிற ஆளாக அவரை ஆக்குங்கள். அப்போது "தலைக்கு நிறமா?" என்று அவர் கத்த முடியாது, கையில் பிரஷ் இருக்கிறது. பேச்சு இப்படித் தொடங்கலாம்:

"அப்பா, அது எவ்வளவு நேரம் விடணும்?"

"அரை மணி நேரம். ஏன்?"

"சும்மாதான்."

"சும்மா யாராவது டைக்கு டைம் கேப்பாங்களா?"

மகன் போனைக் காட்ட வேண்டியதில்லை. காட்டினால் மீண்டும் ஆப் நடுவே வந்து உட்கார்ந்துவிடும்.

முடிவுக்கு ஒரு யோசனை. நிரந்தரச் சாயங்கள் பலவற்றில் பிபிடி என்ற வேதிப்பொருள் உண்டு. சிலருக்கு அது கடும் ஒவ்வாமை தரும், முகமே வீங்கிவிடும். அதனால் 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ கொஞ்சம் தடவிப் பார்க்கச் சொல்லி டப்பாவுக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கும். பூசப்போகும் அதே சாயத்தைத்தான் சோதிக்க வேண்டும். அப்பாவின் கறுப்பு டையைத் தடவிப் பார்த்தால் பழுப்புச் சாயத்துக்கு அது உத்தரவாதம் ஆகாது. எனவே அப்பாவே பழுப்பு டப்பா ஒன்றை வாங்கி வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பொடி எழுத்தைப் படிக்கட்டும். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "காதைக் காட்டு" என்கிறார். கதையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். முடி எந்த நிறமானது என்று எழுத வேண்டாம்.